களி ஆறுவதற்குள் ஒரு செபம்

2024 மே 5, ஞாயிறு

பேரப்பிள்ளைகள் நேற்று சாயங்காலம் ஓசூரிலிருந்து வந்துவிட்டார்கள். மருமகள் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவாள். பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு நாள் இங்கேதான். மகன் வெங்காய லோடு ஏற்ற நாசிக் போயிருக்கிறான். திரும்பும்போது தொப்பூர் கணவாய் வழியாகத்தான் வருவான், அப்போது வீட்டில் இறங்கி ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

பூசை முடிந்து வந்து மதியம் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். ஸ்டெல்லாவுக்கு ஒன்பது வயது, ஆரோனுக்கு ஆறு. இலை போட்டதும் இரண்டும் கை கூப்பிச் சாப்பாட்டுக்கு முன் செபத்தைச் சொன்னார்கள். எனக்கு மூச்சு ஒருமுறை உள்ளே போய் வெளியே வருவதற்குள் செபம் முடிந்துவிட்டது. சிலுவை போட்ட கை நேரே சோற்றுக்குப் போனது.

"இப்ப சாமிகிட்ட என்ன கேட்ட கண்ணு?" என்று ஆரோனைக் கேட்டேன்.

"தெரியல ஆயா. ஆமென் சொன்னேன்."

ஸ்டெல்லாவைக் கேட்டேன். அவள் யோசித்து, "சாப்பாட்டுக்கு நன்றி சொன்னோம்" என்றாள். நாங்கள் சொல்லும் செபத்தில் நன்றி என்ற சொல்லே இல்லை. அது முழுக்க ஒரு வேண்டுதல். நன்றி சொல்வது சாப்பிட்ட பிறகு வரும் செபத்தில்.

முப்பது வருசத்துக்கு மேல் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்தேன். இருபது வருசம் ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பும் எடுத்தேன். எத்தனையோ பிள்ளைகள் இந்தச் செபத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்ததற்கு நான் மார்க் போட்டிருக்கிறேன். என்ன கேட்டாய் என்று ஒரு பிள்ளையைக்கூடக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டது மனதில் தைத்துவிட்டது.

அவர்கள் இருக்கும்வரை நாளைக்கு ஒரு துண்டாக இந்தச் செபத்தைப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். பாடமாக வேண்டாம். சாப்பிட உட்காரும்போதே சொல்ல வேண்டும்.

மே 6, திங்கள்

ராத்திரி தூக்கம் வராமல் அந்தச் செபத்தையே மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவாய் இறக்கத்தில் லாரிகள் கியரைக் குறைத்து உறுமிக்கொண்டு இறங்குகிற சத்தம் விடிய விடியக் கேட்டது. அப்போதுதான் ஒன்று புரிந்தது.

இந்தச் செபம் லத்தீனில் ஒரே ஒரு வாக்கியம். அங்கே 'ஆசீர்வதியும்' என்பதுதான் முதல் சொல். ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் சொல்லும் இங்கிலீஷ் செபமும் அப்படித்தான் தொடங்குகிறது. எவ்வளவு அவசரமாகச் சொன்னாலும் கேட்க வேண்டியதை அங்கே முதலிலேயே கேட்டாயிற்று. தமிழில் அப்படி இல்லை. ஆண்டவரை அழைக்கிறோம், எங்களையும் என்கிறோம், இந்த உணவையும் என்கிறோம், எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் ஆசீர்வதித்தருளும் என்ற வினைச்சொல் வருகிறது. பசித்த பிள்ளை ஓட்டமாய்ச் சொல்லும்போது முழுங்கிவிடுவது அந்தக் கடைசிச் சொல்லைத்தான். நேற்று ஆரோன் சொன்னதில் அது "ஆசீர்ரும்" என்றுதான் கேட்டது. சாமியைக் கூப்பிட்டு, எங்களைக் காட்டி, சோற்றைக் காட்டி, ஒன்றும் கேட்காமலே ஆமென் போட்டுவிட்டான்.

அதனால் பிள்ளைகள் புரிந்து சொல்கிறார்களா என்று பார்க்கக் கடைசிச் சொல்லைக் கவனித்தால் போதும். அது முழுசாக வந்தால் செபம் முழுசாக வந்தது.

இன்று முதல் துண்டு: அழைப்பது. என் அம்மா 'சர்வேசுரா' என்றுதான் தொடங்குவாள். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காலத்து வேத போதகர்கள் வழங்கிய சொல் அது. எல்லாவற்றுக்கும் தலைவன் என்று அர்த்தம். இப்போது ஆண்டவரே, இறைவா என்கிறோம். எந்தச் சொல்லாக இருந்தாலும் அது ஒருவரைக் கூப்பிடுவது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

மதியம் சரியாக மகன் போன் செய்தான். ஆரோன் போனை வாங்கி "அப்பா" என்றான். அந்தப் பக்கம் இரைச்சல். மறுபடி "அப்பா" என்று சொல்லிவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நின்றான். போனை வைத்ததும் அதையே எடுத்துக்கொண்டேன். "அப்பான்னு கூப்பிட்டதும் என்ன செஞ்ச?" "சும்மா இருந்தேன்." "ஏன்?" "அப்பா கேக்கறாரான்னு பாக்கத்தான்." ஆண்டவரே என்று சொன்னதும் அதே மாதிரி ஒரு மூச்சு நிறுத்தச் சொன்னேன். ராத்திரி இருவரும் நிறுத்தினார்கள். நிறுத்திய அந்த ஒரு மூச்சில் ஆரோன் ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மே 7, செவ்வாய்

இரண்டாவது துண்டு 'எங்களையும்'. ஏன் சாப்பாட்டுக்கு முன்னால் நாம் வருகிறோம் என்று கேட்டேன். ஸ்டெல்லா, "நாமதானே பெரியவங்க" என்றாள். ஆரோன் பதில் சொல்லவில்லை. கடைசி முட்டைக்கு அக்காவோடு சண்டை போட்டு முடித்த கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த முட்டையையே காட்டினேன். "இதுல ஏதாவது கோளாறு இருக்கா?" இல்லை என்றார்கள். "அப்ப யாருகிட்ட கோளாறு?" இரண்டும் தலையைக் குனிந்துகொண்டன. முட்டை நல்லாத்தான் இருக்கிறது, அதைச் சாப்பிட உட்கார்ந்த நம்மைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டியிருக்கிறது, அதனால்தான் செபத்தில் எங்களையும் என்பது முதலில் வருகிறது என்றேன். பன்மையைக் கவனி என்றும் சொன்னேன். என்னை என்று இல்லை, எங்களை. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாலும் எங்களை என்றுதான் சொல்கிறோம். அப்பா லாரியில் தனியாகச் சொல்லும்போதும் அதில் நீயும் இருக்கிறாய் என்றேன்.

ஆரோன் முட்டையை நூலால் இரண்டாக அறுக்கச் சொன்னான். அறுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் இன்னொன்று நடந்தது. அறுத்த மாம்பழத்தைத் திண்ணையில் மூடாமல் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது ஈ மொய்த்துக் கிடந்தது. ஆரோன் அதை எடுத்து, சிலுவை போட்டு, செபம் சொல்லிவிட்டு வாயில் வைக்கப் போனான். பிடுங்கிப் போட்டேன். "ஆசீர்வாதம் கேட்டுட்டேன் ஆயா, ஒண்ணும் ஆகாது" என்கிறான்.

இது சின்ன விசயம் இல்லை. ஆசீர்வாதம் என்றால் சோற்றின்மேல் தெளிக்கிற மருந்து என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. இயேசு பிறந்த யூத வீடுகளில் அப்பத்தைக் கையில் எடுத்ததும் புகழ்வது அப்பத்தை அல்ல, அதை மண்ணிலிருந்து விளையச் செய்த கடவுளை. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த இடத்தில் இயேசு நன்றி செலுத்தினார் என்றுதான் யோவான் எழுதுகிறார். அதனால் பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னேன்: ஆசீர்வாதம் கேட்பது ஈயை விரட்ட இல்லை. ஈயை விரட்ட மூடி போட வேண்டும், கை கழுவ வேண்டும். அதற்கு சாமி நமக்குக் கை கொடுத்திருக்கிறார். 'சாமி, இது நீங்க கொடுத்ததுன்னு எனக்குத் தெரியும், இதைச் சாப்பிட்டு நான் நல்ல பிள்ளையா இருக்கணும், பக்கத்துலயே இருங்க' என்று சொல்வதுதான் ஆசீர்வதியும் என்பதற்கு அர்த்தம்.

'அருளும்' என்ற ஒட்டுக்கும் அர்த்தம் கேட்டாள் ஸ்டெல்லா. கடைக்காரரிடம் கொடுங்க என்கிறோம், காசு கொடுத்தோம், அவர் தரத்தான் வேண்டும். அருளும் என்றால், நாம் ஒன்றும் கொடுக்கவில்லை, நீர் மனமிரங்கித் தாரும் என்பது. அவளுக்கு அது பிடித்துவிட்டது. எங்கே பார்த்தாலும் 'தண்ணி அருளும் ஆயா' என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மே 8, புதன்

மருமகள் காலை பஸ்ஸுக்குப் போனாள். கடும் வெயில். பிள்ளைகளுக்குச் சோறு இறங்கவில்லை, மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். மோருக்கு முன்னால் செபம் சொல்ல வேண்டுமா என்று ஆரோன் கேட்டான். ஆண்டவரே என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன்.

மே 9, வியாழன்

இன்று மூன்றாவது துண்டு, நீர் கொடுத்த இந்த உணவு என்பது. இதற்குக் களிதான் சரியென்று காத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கவினும் வந்து உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு ஏழு வயது. ஆரோனும் அவனும் வந்த நாள் முதல் ஒட்டிக்கொண்டே திரிகிறார்கள்.

மூவரையும் அடுப்படியில் உட்காரவைத்தேன். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி நொய்யரிசியைப் போட்டு, அது பாதிக்குமேல் வெந்ததும் உப்பு. பிறகு மாவை நடுவில் மலை மாதிரிக் கொட்டி, கிளறாமல் மூடி, தீயைக் குறைத்து வைக்க வேண்டும். மாவைச் சுற்றித் தண்ணீர் ஏறி வேகவிடும் அந்தப் பத்து நிமிசம் பொறுக்காதவர்கள் களியில்தான் உள்ளே வெள்ளை வெள்ளையாய் மாவுக் கட்டி நிற்கும். அப்புறம் பானையை இறக்கிக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு துடுப்பால் ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். ஸ்டெல்லா கிண்டிப் பார்த்தாள். நாலு சுற்றில் கை வலிக்கிறது என்று விட்டுவிட்டாள். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். கிண்ணத்தில் தண்ணீர் தடவி உருட்டி, தட்டில் வைத்து, நடுவில் குழி பறித்துக் கீரைக் கடைசலை ஊற்றினேன். ஆவி எழும்பியது.

"இதை யார் கொடுத்தது?" என்றேன்.

"ரேசன் கடை" என்றான் ஆரோன். சரியான பதில்தான். எங்கள் மாவட்டத்தில் போன வருசத்திலிருந்து அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு ரேசனில் கொடுக்கிறார்கள்.

"ரேசன் கடைக்கு யார் கொடுத்தது?" "கவர்மெண்ட்." "அவங்களுக்கு?" இங்கே கவின் பேசினான். அவன் தாத்தா மானாவாரிக் காட்டில் கேழ்வரகு போடுகிறவர். "காட்டுல விளைஞ்சது. எங்க தாத்தா களை எடுத்தாரு. அப்பறம் கதிர அறுத்து, களத்துல போட்டு அடிச்சாங்க." "தாத்தாவுக்கு?" "மழை வந்துச்சு." "மழையை?" கவின் கையை மேலே காட்டினான்.

அவன் காட்டிய இடம்தான் இந்தத் துண்டின் அர்த்தம். வாங்கியது என்று பார்த்தால் கடையோடு நின்றுவிடும். கொடுத்தது என்று சொன்னால் இத்தனை பேரும் வரிசையாக வந்து நிற்பார்கள். வரிசையில் ஒருவரையும் தாண்டிக் குதிக்கக்கூடாது. சாமி கொடுத்தார் என்று ஒரே தாவாகத் தாவினால் கவினின் தாத்தா காணாமல் போய்விடுகிறார். அவர் களை எடுக்காவிட்டால் மழை பெய்தும் தட்டில் ஒன்றும் விழாது.

பேசிக்கொண்டே இருந்ததில் களி ஆறிவிட்டது. ஆறின களி இறுகிப்போகும், தொண்டையில் இறங்காது. சாப்பாட்டுச் செபம் சாப்பாட்டைக் கெடுக்கக்கூடாது. விளக்கம் எல்லாம் அடுப்படியில். தட்டின் முன்னால் செபம் மட்டும். அதுவும் மேலே ஆவி போவதற்குள் முடிய வேண்டும்.

மே 10, வெள்ளி

நாங்கள் கை கூப்பும்போது கவின் என்ன செய்வான் என்பது நேற்றே என் மனதில் ஓடியது. அவன் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தான். ஆரோன் அவன் காதில், "நீயும் சொல்லு, இல்லாட்டி சாப்பாடு கிடையாது" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு பதறிவிட்டது. சத்துணவு மையத்தில் இருந்தவள் நான். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி என்று அளந்து போட்ட கை இது. எந்தப் பிள்ளையும் எதையும் சொல்லித்தான் அந்தச் சோற்றை வாங்கியதில்லை.

கவினைக் கேட்டேன், உங்க வீட்டில் சாப்பிடும் முன் என்ன செய்வீர்கள் என்று. "எங்க ஆயா காக்காய்க்கு வெச்சிட்டுதான் போடும்" என்றான். ஒரு பிடிச் சோறு ஓட்டின்மேல் வைத்து, கா கா என்று கூப்பிட்டு, காகம் வந்து எடுத்த பிறகு வீட்டுக்காரர்கள் சாப்பிடுவது. அதில் கூப்பிடுதல் இருக்கிறது, காத்திருத்தல் இருக்கிறது, முதல் பிடியை நமக்கென்று எடுக்காமல் விடுவது இருக்கிறது. பேச்சு மட்டும்தான் இல்லை. ஆசிரமங்களிலும் சில பள்ளிகளிலும் சாப்பாட்டுக்கு முன் கீதையின் நாலாம் அத்தியாயத்துச் சுலோகம் ஒன்று சொல்கிறார்கள். படைப்பதும் பிரம்மம், படைக்கப்படுவதும் பிரம்மம், படைக்கும் நெருப்பும் பிரம்மம் என்பது அதன் கருத்து. சாப்பிடுகிறவன் வயிற்று நெருப்பில் போடுவதும் ஒரு வேள்வி என்று அதை விளக்குவார்கள்.

ராத்திரி பிள்ளைகளுக்குப் பவுல் கப்பலில் போன கதையைச் சொன்னேன். புயலில் மாட்டி, பதினாலு நாள் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கப்பலில் 276 பேர். சிப்பாய்கள், கைதிகள், மாலுமிகள், எல்லாரும் வேறு வேறு சாமி கும்பிடுகிறவர்கள். விடிகிற நேரம் பவுல் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னாலும் கடவுளுக்கு நன்றி சொல்லி, பிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். யாரையும் கூடச் சொல்லச் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டதைப் பார்த்துத் தைரியம் வந்து மற்றவர்களும் சாப்பிட்டார்கள். திருத்தூதர் பணிகளில் 27ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

"அப்ப கவின் பேசாம இருக்கலாமா?" என்றான் ஆரோன்.

"இருக்கலாம். நீ சொல்றதக் கேட்டு அவனுக்குப் பயம் போகணும், வரக்கூடாது."

மே 11, சனி

இன்று நான் தப்புச் செய்தேன்.

ஆரோன் ரசச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தான். எனக்குக் கோபம் வந்து, "எத்தனை பிள்ளைங்க சோறு இல்லாம கெடக்குது, செபம் சொல்லிட்டு இப்படி அளையறியே, சாமி பாத்துட்டுதான் இருக்காரு" என்றேன். எங்கள் அம்மா எங்களுக்குச் சொன்னது, நான் என் மகனுக்குச் சொன்னது. அவன் அழுதுகொண்டே மீதியை அள்ளி அள்ளி வாயில் திணித்தான். பிறகு எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டான். மத்தியானமே அவனுக்கு உடம்பு சுட்டிருக்கிறது, நான் தொட்டுப் பார்க்கவில்லை.

ராத்திரி கஞ்சி கொடுத்தபோது செபம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். செபம் சொன்னால் அந்தப் பிள்ளைகள் ஞாபகம் வருகிறதாம்.

பசித்தவர்களை நினைப்பது சாப்பாட்டுச் செபத்தில் இருக்கத்தான் வேண்டும். பல வீடுகளில் அதற்கென்று ஒரு வரி சேர்த்துச் சொல்கிறார்கள், நல்லது. ஆனால் அதைப் பிள்ளையின் தட்டின்மேல் பாரமாக வைக்கக்கூடாது. ஆறு வயசுப் பிள்ளை ஒரு வாய் கூடத் தின்பதால் எங்கோ இருக்கிற பிள்ளையின் பசி குறையாது என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. செய்யக்கூடியதைச் சொல்லாமல் துக்கத்தை மட்டும் கொடுத்தால் அது செபத்தையே கசக்க வைத்துவிடும். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மையத்தில் நாங்கள் செய்ததைச் சொன்னேன்: வரிசையாய் உட்கார்ந்த பிள்ளைகள், கடைசித் தட்டில் சோறு விழும்வரை யாரும் கை வைக்கமாட்டார்கள். முதல் பிள்ளைக்குப் பசி உயிர் போகும், இருந்தும் கடைசிப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். "அது மட்டும் செஞ்சா போதும் சாமி" என்றேன். கஞ்சியை இரண்டு கரண்டி குடித்தான்.

மே 12, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது. பூசைக்குப் போய் வந்தோம்.

கடைசித் துண்டு இரண்டு பகுதி. கிறிஸ்து வழியாக என்பது ஒன்று. ஸ்டெல்லாவுக்கு இது சட்டென்று பிடிபட்டது. பள்ளியில் பெரிய டீச்சரிடம் கேட்கப் பயமாக இருந்தால் வகுப்பு டீச்சரைக் கூட்டிக்கொண்டு போவோம் அல்லவா என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் இங்கே கூட்டிப்போகிறவர் அந்த வீட்டுப் பிள்ளை என்றேன். சிலுவை போடும்போது பழைய செபத்தில் சுதன் என்று வரும் அந்தச் சொல்லுக்கு மகன் என்று அர்த்தம் சொன்னேன். அவள் இத்தனை நாளாய் அது ஒருவருடைய பெயர் என்று நினைத்திருக்கிறாள்.

இன்னொன்று ஆமென். எபிரேயச் சொல், உறுதி என்பது அதன் வேர். நாம் சொன்னது மெய், அப்படியே ஆகட்டும் என்று கைநாட்டு வைப்பது. நம் 'ஆமாம்' வேறு, 'ஆமென்' வேறு. ஒலிதான் ஒன்றுபோல் இருக்கிறது. ஆனால் ஆரோனுக்கு அர்த்தம் பதிய ஆமாம் நன்றாகவே உதவியது. எழுதாத தாளில் கைநாட்டு வைப்பார்களா என்று கேட்டேன். கேட்கவேண்டியதைக் கேட்காமல் ஆமென் சொன்னால் அதுதான்.

மே 13, திங்கள்

பிள்ளைகள் தங்களுக்கு ஒரு செபம் வேண்டும் என்றார்கள். கோவில் செபத்தை விடவேண்டாம், அது எல்லாரோடும் சேர்ந்து சொல்ல. வீட்டில் களி சாப்பிடும்போது சொல்ல இது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஸ்டெல்லா நோட்டில் எழுதினாள். ஐந்து வரி வந்தது.

இறைவா, எங்கள் அப்பா,
கூடி உட்கார்ந்த எங்களைப் பாரும்.
மழையும் காடும் கையும் சேர்ந்து இதைக் கொண்டுவந்தன, எல்லாம் உம்முடையது.
கடைசித் தட்டு நிறையும்வரை எங்களைக் காத்திருக்கச் செய்யும்.
எங்களையும் இந்த உணவையும் ஆசீர்வதித்தருளும். ஆமென்.

முதல் வரியில் ஒரு மூச்சு நிறுத்தம் உண்டு. இரண்டாம் வரியில் முட்டைச் சண்டை இருக்கிறது. மூன்றாம் வரியில் 'கை' என்றால் யார் கை என்று ஆரோனைக் கேட்டேன். கவின் தாத்தா கை, ஆயா கை, லாரி ஓட்டுகிற அப்பா கை என்று மூன்றைச் சொன்னான். லாரியை நான் நினைக்கவே இல்லை. காட்டில் விளைந்தது தானாக நடந்தா வரும்? நாலாம் வரி அவனே கேட்டு வாங்கிக்கொண்டது. ஐந்தாம் வரியில் வினைச்சொல் கடைசியில்தான் நிற்கிறது. அதை முன்னால் கொண்டுவரலாமா என்று பார்த்தோம். தமிழாக இல்லை. அதனால் அந்த வரியை மட்டும் மெதுவாகச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம்.

கவினுக்கு முதல் நாலு வரி தெரிந்துவிட்டது. சொல்லும்போது சொல்கிறான், சொல்லாதபோது காகத்துக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டு வெளியே போகிறான். வரும்வரை நாங்கள் காத்திருக்கிறோம்.

மே 14, செவ்வாய்

சாப்பிட்ட பிறகு சொல்லும் செபம் எங்கள் வீட்டில் எப்போது நின்றது என்று எனக்கே ஞாபகம் இல்லை. கை கழுவ எழுந்தால் அவ்வளவுதான். இணைச்சட்டத்தில் கட்டளை இருப்பது சாப்பிட்ட பிறகுதான்: உண்டு நிறைந்ததும் கடவுளைப் போற்று என்று 8ஆம் அதிகாரம் சொல்கிறது. பசியில் கூப்பிடுவது யாருக்கும் வரும். வயிறு நிறைந்த பிறகு ஞாபகம் வைப்பதுதான் கடினம். ஸ்டெல்லா முதல் நாள் தேடிய நன்றி என்ற சொல் இங்கேதான் வருகிறது. கையில் ஈரம் காய்வதற்குள் 'நன்றி இறைவா, வயிறு நிறைந்தது' என்று மட்டும் சொல்லப் பழக்கினேன். இன்று மூன்று வேளையில் ஒரு வேளைதான் ஞாபகம் வந்தது.

மே 16, வியாழன்

விடியற்காலை நாலு மணிக்கு மகன் வந்தான். லாரியைக் கணவாய்க்குக் கீழே ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, க்ளீனர் பையனை அங்கேயே தூங்கவிட்டு நடந்து வந்திருக்கிறான். கண் சிவந்திருந்தது. இந்த இறக்கத்தில் எத்தனை வண்டி கவிழ்ந்திருக்கிறது. அவன் கதவைத் தட்டும்வரை எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

குளித்துவிட்டு வந்ததும் களி கிண்டிப் போட்டேன். பிள்ளைகளும் எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பழக்கதோசத்தில் அவன் சிலுவை போட்டு, பழைய செபத்தை ஒரே மூச்சில் சொல்லிக் களியில் கை வைத்தான்.

"அப்பா, கடைசி வார்த்தைய முழுங்கிட்டீங்க" என்றான் ஆரோன்.

"என்னடா?"

"சாமியக் கூப்பிட்டுட்டு ஒண்ணும் கேக்கல நீங்க."

மகன் என்னைப் பார்த்தான். நான் க்ளீனர் பையனுக்குத் தூக்குப்போசியில் களியும் குழம்பும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா எழுந்து போய்த் தூக்குப்போசி நிறைந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்து, மூடியைப் போட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தாள். "இப்ப சொல்லலாம்" என்றாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னான். ஆண்டவரே என்றபின் ஆரோன் அவன் முழங்கையைத் தொட்டு நிறுத்தினான். வெளியே ஒரு லாரி கியர் மாற்றி இறங்கிப் போனது. பிறகு மீதியைச் சொன்னான். ஆசீர்வதித்தருளும் என்ற சொல் ஓர் எழுத்து விடாமல் வந்தது. களியில் ஆவி இன்னும் இருந்தது.